தாத்தா பார்க்காமல் போன கல்யாணமும் எபிக்கூரஸின் மூன்று வரிகளும்

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு விருப்பப் பாடமாக மெய்யியல் அறிமுகம் எடுக்கிறேன். இயற்பியல், வணிகவியல், கணினி என்று பல துறைப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மூன்றாவது வாரம் பண்டைய கிரேக்க மெய்யியலாளர் எபிக்கூரஸ் வருவார். அன்று நான் போட்ட ஸ்லைடில் தலைப்புக்குக் கீழே மூன்று புள்ளிகள், மூன்று வரிகள். மரணம் நமக்கு ஒன்றுமில்லை. நன்மை தீமை எல்லாம் உணர்வில்தான் இருக்கிறது. மரணம் என்பது உணர்வின் இழப்பு. மெனோய்கியஸ் என்பவருக்கு எபிக்கூரஸ் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையில்தான் வருகிறது என்பதால் அப்படியே வைத்திருந்தேன். விளக்கிவிட்டு, "இந்த வாதம் வேலிட், ஆனால் சவுண்டா இல்லையா என்பது வேறு கேள்வி" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பார்த்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், எங்க தாத்தா தூக்கத்திலேயே போயிட்டார். வலி எதுவும் இல்லை. ஆனா ரெண்டு வாரத்துல எங்க அக்கா கல்யாணம். அதைப் பார்க்கணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டே இருந்தார். அதைப் பார்க்காம போனது அவருக்கு இழப்புதானே? அவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் இழப்புதானே? அப்போ இந்த வாதம் வேலிட் இல்லையே?"

"நீ சொல்வது முதல் எடுகூற்று பொய் என்பதற்கான காரணம். அது சவுண்ட்னஸ் பிரச்சினை, வேலிடிட்டி பிரச்சினை இல்லை" என்று உடனே பதில் சொன்னேன். எடுகூற்று என்றால் முடிவைத் தாங்கும் வரி, இங்கே முதலாவது நன்மை தீமை பற்றியது. எடுகூற்றுகளிலிருந்து முடிவு கட்டாயம் வருகிறதா என்பது வேலிடிட்டி, அதோடு எடுகூற்றுகளும் உண்மையா என்பது சவுண்ட்னஸ். பாடப்புத்தகம் சொல்லும் பதில் அதுதான். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பதில் எனக்கே உறுத்த ஆரம்பித்தது. அவள் சொன்னதைச் சரியாகக் கேட்டேனா, அல்லது எனக்குப் பழக்கமான ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டேனா? அந்த வாரம் முழுக்க இந்தக் கேள்வி விடவில்லை.

புள்ளி வைத்தால் எல்லாம் ஒன்று

முதலில் என் ஸ்லைடில் இருந்த கோளாறைச் சொல்கிறேன். அன்று மாலை ஒரு மாணவனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "எபிக்கூரஸ் சொல்லும் மூன்று கருத்துகள்" என்று எழுதி, ஒன்று இரண்டு மூன்று போட்டிருந்தான். இன்னொருவன் நோட்டில் "முடிவு: மரணம் உணர்வின் இழப்பு" என்று இருந்தது. இருவர் மேலும் தப்பில்லை. ஸ்லைடில் புள்ளி வைத்து எழுதினால் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு வந்துவிடுகிறது. மளிகைப் பட்டியலில் பருப்பும் புளியும் போல, ஒன்றுக்கொன்று எந்தக் கடமையும் இல்லாமல் வரிகள் நிற்கின்றன. எது எதைத் தாங்குகிறது என்பது என் குரலில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் ஃபோனில் எடுத்துக்கொண்டு போன படத்தில் என் குரல் இல்லை. கடைசியில் வருவதுதான் முடிவு என்ற பழக்கம் வேறு. ஆகவே இரண்டாமவன் கடைசி வரியை முடிவாக எடுத்துக்கொண்டான்.

எபிக்கூரஸ் முடிவை முதலில் சொல்கிறார். மரணம் நமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிப் பழகு, ஏனென்றால் இப்படி இப்படி என்பது அவர் போக்கு. கடிதத்தில் அது இயல்பு. என் மொழிபெயர்ப்பில் அந்த "ஏனென்றால்" இருந்தது. ஸ்லைடில் இடம் போதாது என்று நானே அதை வெட்டிவிட்டேன். மூன்று வரிகளில் வாதம் எங்கே இருந்தது என்று கேட்டால், நான் வெட்டிய அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

தமிழில் இதை ஒரே வாக்கியமாக எழுதினால் வேறொன்று நடக்கிறது. "நன்மை தீமை எல்லாம் உணர்வில் இருப்பதாலும், மரணம் உணர்வின் இழப்பு என்பதாலும், மரணம் நமக்கு ஒன்றுமில்லை" என்று வரும். "-ஆல்" போட்டவுடன் எடுகூற்றுகள் தாமாகவே முன்னால் வந்து, முடிவு வினையின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நம் மொழி இந்த உதவியைச் செய்கிறது. ஆனால் அதே "-ஆல்" ஏமாற்றவும் செய்யும். "மழை பெய்ததால் தரை நனைந்திருக்கிறது" என்பதில் மழை காரணம். தரை நனைந்ததை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. "தரை நனைந்திருப்பதால் மழை பெய்திருக்க வேண்டும்" என்பதில்தான் வாதம் இருக்கிறது, அங்கே நனைந்த தரை ஆதாரம். உருபு ஒன்றுதான், வேலை வேறு. ஆகவே உருபைப் பார்த்து மட்டும் எடுகூற்றைக் கண்டுபிடிக்க முடியாது. இவர் நம்மை எதை நம்பவைக்கப் பார்க்கிறார், எதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொள்வோம் என்று நினைக்கிறார் என்று கேட்டால்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே "ஏனென்றால்" போட்டு, இரண்டு திசையிலும் வாசித்துப் பார்ப்பேன். "மரணம் உணர்வின் இழப்பு, ஏனென்றால் மரணம் நமக்கு ஒன்றுமில்லை" என்று வாசித்தால் காது உடனே மறுக்கிறது. திருப்பிப் போட்டால் ஓடுகிறது.

"செல்லாது" என்ற சொல்

அந்த மாணவி மட்டும் இல்லை, ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பாவது பொய்யான எடுகூற்று உள்ள வாதத்தை "வேலிட் இல்லை" என்றுதான் சொல்கிறது. இது பிள்ளைகளின் கவனக்குறைவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்றாடப் பேச்சில் "வேலிட் பாயிண்ட்" என்றால் நியாயமான, உண்மையான கருத்து என்றுதான் பொருள். தமிழில் "செல்லும்" என்று எழுதினால் இன்னும் மோசம். செல்லாத நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். செல்லும் என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்றுதானே காதில் விழும்? இலங்கையில் உயர்தர அளவையியல் பாடத்தில் "வாய்ப்பானது" என்கிறார்கள். அதற்கு இந்தச் சுமை இல்லை, ஆனால் இங்கே வாய்ப்பு என்றாலே பிள்ளைகளுக்கு சான்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் வகுப்பில் வேலிட், சவுண்ட் என்றே சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பழைய வேரும் உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூல் சொல்லித்தருகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று உறுப்புகள் வரும். அங்கே பக்கம் முதலில். அதாவது நிறுவப்போவதை முன்னால் சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்குப் போவார்கள், எபிக்கூரஸ் கடிதத்தைப் போலவே. அப்புறம் போலிகள், அதாவது வாதக் குற்றங்கள். காரணத்தில் வரும் குற்றமான ஏதுப்போலி மூன்று வகை: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். அசித்தம் என்றால் ஒப்புக்கொள்ளப்படாத காரணம். அதற்கு அங்கே வரும் ஓர் எடுத்துக்காட்டு, சத்தம் அநித்தம், ஏனென்றால் அது கண்ணுக்குப் புலப்படுவது என்பது. இதை நம் ஸ்லைடு பாணியில் எழுதினால் இப்படி வரும்: கண்ணுக்குப் புலப்படுவது எல்லாம் நிலையற்றது, சத்தம் கண்ணுக்குப் புலப்படுவது, ஆகவே சத்தம் நிலையற்றது. கட்டமைப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வரி அப்பட்டமான பொய், அவ்வளவுதான். இன்றைய தர்க்கம் இதை வேலிட், ஆனால் சவுண்ட் இல்லை என்று சொல்லும். அந்த மரபோ இதை வாதத்தின் குற்றம் என்றே எழுதிவைக்கிறது. எதிராளியோடு நேரில் வாதாடுகிறவருக்கு, இருவரும் ஒப்புக்கொள்ளாத காரணத்தைக் கொண்டுவருவதே பெரிய குற்றம். கட்டமைப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அவருக்கு அங்கே அவசியமில்லை. என் மாணவர்கள் இயல்பாகச் செய்வதும் அதைத்தான் என்று புரிந்தபோது, அவர்களைத் திருத்துகிற என் தொனி மாறியது. அவர்கள் இன்னொரு முறையில் யோசிக்கிறார்கள். நான் கற்றுத்தருவது வேறொரு முறை.

அந்த வேறு முறை இதுதான். வேலிடிட்டி கேட்பது ஒரே கேள்வி: எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும் ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடியுமா? முடியும் என்றால் வேலிட் இல்லை. எடுகூற்று நிஜத்தில் உண்மையா என்ற பேச்சே இங்கே கிடையாது. எல்லாப் பறவைகளும் பறக்கும், நெருப்புக்கோழி பறவை, ஆகவே நெருப்புக்கோழி பறக்கும். வேலிட். எல்லா யானைகளும் பாலூட்டிகள், சுறா யானை இல்லை, ஆகவே சுறா பாலூட்டி இல்லை. மூன்று வரியும் உண்மை, வாதம் வேலிட் இல்லை. சுறாவை எடுத்துவிட்டுப் பசுவைப் போட்டால் ஓட்டை தெரிந்துவிடும். வேலிடிட்டியும் இருந்து எடுகூற்றுகளும் உண்மையானால் மட்டும்தான் சவுண்ட். வகுப்பில் இரண்டாவது உதாரணம்தான் அதிக நேரம் எடுக்கும். மூன்றும் உண்மையாக இருக்கும்போது எதைக் குறை சொல்வது என்று பிள்ளைகள் திகைப்பார்கள். பசுவைப் போட்டவுடன் முகம் மாறும்.

மறுபடி எழுதிய ஸ்லைடு

சரி, எபிக்கூரஸுக்கு வருகிறேன். ஸ்லைடைத் திருத்த உட்கார்ந்தபோது முதல் வேலையாக, ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்தேன். ஒரு வரியில் உணர்வு, அடுத்த வரியில் அனுபவம் என்று மாற்றி எழுதுவது கட்டுரையில் அழகாக இருக்கலாம். ஸ்லைடில் அது இணைப்பை அறுத்துவிடும். இரண்டாவது சிக்கல் மரணம் என்ற சொல். சாகிற நேரத்து வேதனையும் மரணம்தான், செத்தபின் இல்லாமல் போன நிலையும் மரணம்தான். உணர்வின் இழப்பு என்று எபிக்கூரஸ் சொல்வது பின்னதை மட்டும். முடிவில் முன்னதையும் சேர்த்து வாசித்துவிட்டால், சொல் ஒன்றாக இருந்தும் பொருள் நழுவி, வாதம் வேலிட் இல்லாமல் போய்விடும். "ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டுச் சாகிறார்களே" என்று யாராவது கேட்பது இந்த நழுவலால்தான். ஆகவே மரணத்தை எடுத்துவிட்டு "இறந்திருப்பது" என்று எழுதினேன். நன்மையை விட்டுவிட்டுத் தீமையை மட்டும் வைத்துக்கொண்டேன், நமக்கு வேண்டியது அந்தப் பாதிதான். யாருக்கு என்பதையும் எழுதினேன், ஏனென்றால் எபிக்கூரஸ் பேசுவது இறந்தவரைப் பற்றி, அழுகிற குடும்பத்தைப் பற்றி இல்லை. இப்படி வந்தது:

எ1. ஒருவருக்குத் தீமையானது எதுவும் அவர் உணரும் ஒன்றாகத்தான் இருக்கும்.
எ2. இறந்திருப்பது அவர் உணரும் ஒன்று இல்லை.
――――――――――
மு. ஆகவே இறந்திருப்பது அவருக்குத் தீமை இல்லை.

புள்ளிகள் போய் எண்கள் வந்தன. எண் இருந்தால் "எ1 எனக்கு ஒப்பவில்லை" என்று விரல் வைத்துச் சொல்லலாம். கோட்டுக்கு மேலே இருப்பது நம்மிடம் கேட்கப்படுவது, கீழே இருப்பது அதற்குப் பதிலாகத் தரப்படுவது. கோடே அந்த வெட்டுப்பட்ட "ஏனென்றால்"-இன் வேலையைச் செய்கிறது. வாதம் வேலிட்தானா? எ1, எ2 இரண்டும் உண்மையாக இருந்து மு பொய்யாக முடியாது. தீமையெல்லாம் உணரப்படுவதற்குள் அடங்கும், இறந்திருப்பது அதற்கு வெளியே இருக்கிறது, ஆகவே அது தீமைக்கும் வெளியேதான். பல்லி பாலூட்டி இல்லை, ஆகவே யானையும் இல்லை என்பதைப் போல. எனவே முடிவு பிடிக்காதவர் எ1 அல்லது எ2-ஐ மறுத்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

இதுவரை நான் அன்று சொன்ன பதில் சரி. தாத்தாவின் கதை எ1-ஐ மறுக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1970-இல் வெளியிட்ட மரணம் பற்றிய கட்டுரையில் போவதும் இந்த வழிதான். நல்ல அறிவாளி ஒருவர் மூளையில் அடிபட்டு, திருப்தியான குழந்தையின் மனநிலைக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் எந்தத் துன்பத்தையும் உணரவில்லை. ஆனாலும் அவருக்கு நேர்ந்தது பெரிய தீமை என்றுதானே சொல்வோம்? உணராத தீமை உண்டு என்றால் எ1 விழுந்துவிடும்.

ஆனால் அந்தப் பெண் எ1-ஐ அப்படித்தான் வாசித்தாளா? அவள் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். "அதைப் பார்க்காம போனது." அவள் உணர்வை ஒதுக்கிவைக்கவில்லை. கல்யாணத்தைப் பார்த்திருந்தால் தாத்தாவுக்குக் கிடைத்திருக்கும் சந்தோஷத்தைத்தான் கணக்கில் எடுத்தாள். அதாவது நன்மை தீமை எல்லாம் உணர்வோடு சம்பந்தப்பட்டது என்பதை அவள் ஒப்புக்கொள்கிறாள். நன்மை தீமை உணர்வில்தான் இருக்கிறது என்று என் ஸ்லைடில் இருந்த வரியை அவள் இன்னொரு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்: ஒன்று ஒருவருக்குத் தீமை என்றால், அது அவர் வாழ்வில் உணர்வதில் ஏதாவது வித்தியாசத்தை உண்டாக்க வேண்டும். இதை எ1ஆ என்று வைத்துக்கொள்வோம். இது எ1-ஐவிட நம்பத்தகுந்தது. யாருடைய அனுபவத்திலும் எந்த வித்தியாசமும் செய்யாத ஒன்றைத் தீமை என்று சொல்ல நம்மில் பலர் தயங்குவோம்.

இப்போது எ1ஆ-வையும் எ2-ஐயும் கோட்டுக்கு மேலே வைத்துப் பார்த்தேன். மு வரவில்லை. சுறாவுக்குப் பதில் பசுவைப் போட்டதைப் போல, இறந்திருப்பதை எடுத்துவிட்டு ஆழ்ந்த தூக்கத்தைப் போட்டேன். கனவில்லாத தூக்கம் நாம் உணரும் ஒன்று இல்லை. ஆனால் முகூர்த்த நேரத்தில் மண்டபத்து மாடியறையில் தூங்கிப்போனவருக்கு, அவர் உணர்ந்திருக்கக்கூடிய எத்தனையோ அந்தத் தூக்கத்தால் இல்லாமல் போகிறது. எ1ஆ உண்மை, எ2 உண்மை, தூக்கம் அவருக்குத் தீமை இல்லை என்ற முடிவு மட்டும் பொய். வாதம் வேலிட் இல்லை. அவள் சொன்னது சரி. அவள் வாசித்தபடி வாசித்தால், "வேலிட் இல்லையே" என்பதுதான் துல்லியமான விமர்சனம். நான் அவசரத்தில் தவறு என்று சொல்லிவிட்டேன்.

என்னை உட்காரவைத்தது இதுதான். எபிக்கூரஸின் முதல் எடுகூற்றைக் கடுமையாக வாசித்தால் கட்டு உறுதியாக இருக்கிறது, ஆனால் அந்த வரியை நம்புவது கஷ்டம். தளர்த்தி வாசித்தால் வரியை நம்பலாம், கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கேட்கிறவர் தளர்ந்த வாசிப்பில் தலையாட்டிவிட்டு, கடுமையான வாசிப்பின் முடிவைச் சுமந்துகொண்டு போய்விடலாம். என் பழைய ஸ்லைடு இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுத்தது, நான் "வேலிட்" என்று சொன்னது ஒன்றுக்கு மட்டும்தான் பொருந்தியது. வேலிட்டா என்ற கேள்வியை வாக்கியங்கள் முடிவாகும் முன்பே கேட்டால், ஆளுக்கொரு வாதத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். அவிழ்ந்த கட்டைத் திரும்பவும் இறுக்க முடியும். "இறந்திருப்பது அவர் உணர்வதில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது" என்று எ2-ஐ மாற்றினால் எ1ஆ-வோடு சேர்ந்து வேலிட் ஆகிவிடும். ஆனால் அப்போது குறை இடம்பெயர்ந்து இந்தப் புது வரிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது, சவுண்ட்னஸ் பிரச்சினையாக.

அடுத்த வாரம் மூன்று ஸ்லைடுகளோடு போனேன். முதலாவதில் கடிதத்தின் வரிகள், "ஏனென்றால்" உட்பட. இரண்டாவதில் எ1, எ2, கோடு, மு. மூன்றாவதில் எ1ஆ வைத்த வடிவம். கடைசி இரண்டின் கீழும் ஒரே கேள்வியை எழுதியிருந்தேன்: கோட்டுக்கு மேலே உள்ளதை ஒப்புக்கொண்டால் கீழே உள்ளதை மறுக்க முடியுமா? எடுகூற்று உண்மையா என்ற கேள்வியை வேண்டுமென்றே பின்னால் தள்ளிவைத்தேன், இரண்டும் ஒரே திரையில் இருந்தால் கலந்துவிடுகின்றன. போன வாரம் அவசரப்பட்டுப் பதில் சொன்னதையும், அவள் சொன்னதில் இருந்த சரியையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவள் மூன்றாவது ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ரெண்டாவது ஸ்லைடுல தாத்தா எ1-க்கு எதிரா நிக்கிறார். மூணாவதுல அந்தக் கோட்டுலயே நிக்கிறார். சரியா மேடம்?"

"சரி" என்றேன்.

முன் வரிசையில் இருந்த வணிகவியல் பையன் திரும்பி, "ஆனா இழந்தவர்னு சொல்ல அங்க யாருமே இல்லையே? தூங்கினவர் எழுந்து வருத்தப்படுவார். தாத்தா எழுந்திரிக்கலையே" என்றான். எபிக்கூரஸும் அந்தக் கடிதத்தில் இதைத்தான் தொடர்ந்து சொல்கிறார்: நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்ததும் நாம் இல்லை. அவன் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. மார்க்கரை அவனிடம் கொடுத்து, அதை எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவாய் என்று கேட்டேன். எழுந்து வந்து போர்டு முன்னால் நின்றான். எ1ஆ-வுக்குப் பக்கத்தில் எழுதப் போனான், அழித்தான், கோட்டுக்கு மேலே எ3 என்று புதிதாக ஒரு வரி தொடங்கினான்: "ஒன்று ஒருவருக்கு இழப்பாக இருக்க வேண்டுமென்றால், அப்போது அவர்". அதற்குள் மணி அடித்துவிட்டது. யாரும் எழவில்லை. அவள் மட்டும் எழுந்து போர்டுக்குப் போய், அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, "அப்போது" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.